நன்றி மெயிலில் எதை எழுதுவது?

அன்புள்ள அம்மா,

நேற்று கிண்டியில் ஒரு கம்பெனியில் நேர்காணல். சீனியர் அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் வேலை. ஃபைனான்ஸ் மேனேஜர், ஹெச்ஆர், சிஸ்டம்ஸ் பிரிவிலிருந்து ஒருவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். நன்றி சொல்லி மெயில் அனுப்பு என்கிறாள் தோழி. எழுதிப் பார்த்தேன்: “நான்கு வருட ஜிஎஸ்டி, டேலி, வெண்டர் ரீகன்சிலியேஷன் அனுபவம் உள்ள நான், கடின உழைப்பாளி, இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவள் என்று நம்புகிறேன்.” ரெஸ்யூமேயையே திரும்பப் படிப்பது போல இருக்கிறது. கெஞ்சுவது போலவும் தோன்றுகிறது. அனுப்பலாமா? மூவருக்கும் தனித்தனியாகவா? எஸ்ஏபி மென்பொருள் தெரியாது என்று அங்கே சொல்லிவிட்டேன், கற்றுக்கொள்கிறேன் என்று மெயிலில் சேர்க்கட்டுமா?

பின்குறிப்பு: 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் 2பி பட்டியல் வந்ததும் 20 வரை தன் டீம் தூங்குவதில்லை என்று ஃபைனான்ஸ் மேனேஜர் வருத்தமாகச் சொன்னார். எங்கள் ஆபீஸில் நான் 11ஆம் தேதிக்கு முன்பே சப்ளையர்களுக்கு போன் போட்டுவிடுவேன், அதனால் அவ்வளவு கஷ்டம் இல்லை. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

எஸ்., அம்பத்தூர்

அன்புள்ள எஸ்.,

நாள் கடந்தால் பயன் இல்லை என்பதால் உங்களுக்குத் தனியாக அன்றே சுருக்கமாக எழுதிவிட்டேன். இங்கே விரிவாக எழுதுவதற்குக் காரணம் உங்கள் பின்குறிப்புதான். பல ஆண்டுகள் நேர்காணல் குழுவில் உட்கார்ந்தவள் நான். சொல்ல வேண்டிய விஷயத்தை வாசலுக்கு வெளியே வந்து நினைத்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். நீங்கள் அதற்கு வழி செய்துவிட்டீர்கள்.

ஏம்மா, அந்தப் பின்குறிப்புதானே உங்கள் மெயில்! அதை எனக்கு எழுதி என்ன பயன்? எழுத வேண்டியவருக்கு “கடின உழைப்பாளி” என்று எழுதி வைத்திருக்கிறீர்கள்.

ரெஸ்யூமே நீங்கள் அவர்களைப் பார்ப்பதற்கு முன் எழுதியது. அதில் உங்களைப் பற்றி எல்லாம் இருக்கும், அவர்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. அந்த அறையில் உட்கார்ந்த பிறகு உங்களிடம் புதிதாகச் சேர்ந்தது ஒன்றுதான்: அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்ற தகவல். அதை நீங்கள் செய்த ஏதாவது ஒரு காரியத்தோடு சேர்த்துச் சொன்னால், “நான் பொருத்தமானவள்” என்ற வாக்கியமே தேவைப்படாது. படிப்பவர் தானே அந்த முடிவுக்கு வருவார். நான்கு வருடம், டேலி, ரீகன்சிலியேஷன் எல்லாம் அவர் மேசையில் ஏற்கெனவே அச்சடித்துக் கிடக்கிறது. திரும்ப எழுதினால், அவர் அதைப் படிக்கவில்லை என்று நீங்கள் சொல்வதாக ஆகிவிடும்.

கணக்குத் துறையில் இல்லாதவர்களும் இதைப் படிப்பார்கள். ஃபைனான்ஸ் மேனேஜர் வருத்தப்பட்டது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஒருவர் சரக்கு விற்கிறார். 2 லட்சம் பில், 18 சதவீத வரி 36,000 ரூபாய். அந்த 36,000-ஐ நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 2022 ஜனவரி 1 முதல் ஒரு கண்டிப்பு உண்டு: விற்றவர் அந்த பில்லைத் தன் விற்பனைக் கணக்கில் காட்டி, அது உங்கள் 2பி-யில், அதாவது சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் உங்களுக்கு மாதாமாதம் தரும் பட்டியலில், வந்திருக்க வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்பவர் போன மாத பில்லை இந்த மாதம் 11ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 14ஆம் தேதி உங்கள் 2பி வருகிறது. 20ஆம் தேதிக்குள் நீங்கள் வரி கட்ட வேண்டும். அவர் ஏற்ற மறந்திருந்தால் அந்த 36,000-ஐ இந்த மாதம் கையிலிருந்து கட்டிவிட்டு, அவர் எப்போது ஏற்றுகிறாரோ அதுவரை காத்திருக்க வேண்டும். நூறு சப்ளையர் இருக்கும் இடத்தில் இப்படி இருபது பில் விடுபட்டால் எவ்வளவு பணம் முடங்கும் என்று பாருங்கள். அந்த டீம் 14 முதல் 20 வரை தூங்காததற்கு இதுதான் காரணம்.

நீங்கள் செய்வது என்ன? 14ஆம் தேதி பட்டியலைப் பார்த்த பிறகு சப்ளையருக்கு போன் போட்டால், பாவம், அவராலும் இந்த மாதத்துக்கு ஒன்றும் செய்ய முடியாது. இப்போது ஏற்றினாலும் அடுத்த மாத 2பி-யில்தான் வரும். 11ஆம் தேதிக்கு முன் பேசினால் மட்டுமே பலன் உண்டு. இது தெரிந்து வேலை செய்கிறவர் நீங்கள். “ரீகன்சிலியேஷன் அனுபவம்” என்று ரெஸ்யூமேயில் போட்டால் இது தெரியுமா? தெரியாது. பட்டியலைப் பார்த்து டிக் அடிப்பவரும் அதே சொற்களைத்தான் போடுகிறார். நேர்காணல் குழு கண்டுபிடிக்கத் துடிப்பது இந்த வித்தியாசத்தைத்தான். அதை நீங்கள் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குக் கோபம்.

நான் குழுவில் இருந்தபோது நடந்த ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரு பையனிடம் லாரி வாடகைக்கு ஜிஎஸ்டி யார் கட்ட வேண்டும் என்று கேட்டேன். சரக்கு அனுப்பச் சொல்லி வாடகை கொடுக்கும் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்றார். பாதிதான் சரி. டிரான்ஸ்போர்ட்டர் தானே கட்டுவதாகத் தேர்ந்தெடுத்து, பில்லிலேயே வரி போட்டிருந்தால் நாம் கட்ட வேண்டியதில்லை. “பாதி பதில்” என்று என் குறிப்பில் எழுதினேன். அன்று இரவே மெயில் வந்தது. சுற்றி வளைக்கவில்லை. விட்டுப்போன பாதியைச் சொல்லி, டிரான்ஸ்போர்ட்டர் தருகிற உறுதிமொழியைக் கோப்பில் வாங்கி வைக்காவிட்டால் பின்னால் ஆடிட்டில் கேள்வி வரும் என்றும் ஒரு வரி எழுதியிருந்தார். மறுநாள் காலை குழு கூடுவதற்கு முன் நான் அதைப் படித்துவிட்டேன். அவருக்கு எதிராக எழுதியிருந்த அந்த ஒரே குறிப்பை அடித்தேன். ஒரு மெயிலால் அதிகபட்சம் நடப்பது அதுதான். வேண்டாம் என்று முடிவான ஒருவரை அது உள்ளே கொண்டுவராது. இரண்டு பேர் சமமாக நிற்கும்போது ஒரு சந்தேகத்தை நீக்கும், அல்லது ஒரு நல்ல காரணத்தைச் சேர்க்கும். அதுவும் குழு தன் கருத்தை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் வந்தால்தான். பல இடங்களில் அன்றே அல்லது மறுநாளே எழுதிவிடுவார்கள். அதனால் அன்று மாலை, தவறினால் மறுநாள் காலை. வெள்ளிக்கிழமை நேர்காணல் என்றால் திங்கள் வரை வைத்திருக்காதீர்கள்.

சரி, உங்கள் மெயில். ஆங்கிலத்தில் நேர்காணல் நடந்தது என்றால் ஆங்கிலத்திலேயே அனுப்புங்கள். விஷயம் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன்.

“நேற்று மூவரும் நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. 14ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில் உங்கள் டீமுக்கு ஏற்படும் நெருக்கடியைச் சொன்னீர்கள். அது தொடர்பாக நான் செய்துவரும் ஒன்றை அங்கே சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாதமும் 7ஆம் தேதி வாக்கில், முந்தைய மாதங்களில் 2பி-யில் வராமல் போன சப்ளையர்களின் பில்களை மட்டும் பர்ச்சேஸ் ரெஜிஸ்டரிலிருந்து பிரித்து எடுப்பேன். 11ஆம் தேதிக்குள் அவர்களுடைய கணக்காளரிடம் பேசி, பில் எண்ணும் நம் ஜிஎஸ்டி எண்ணும் சரியாக ஏறியிருக்கிறதா என்று கேட்பேன். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களின் பில்கள் சில அப்போதும் தங்கிவிடும். ஆனால் 14ஆம் தேதி கைக்கு வரும் பட்டியல் சிறியதாக இருக்கும். உங்கள் அளவுக்கு சப்ளையர்கள் இருக்கும் இடத்தில் இதை எப்படிச் செய்வது என்று உங்களோடு சேர்ந்து யோசிக்க ஆசைப்படுகிறேன்.”

அவ்வளவு போதும். பெயர், போன் எண், முடிந்தது. 7ஆம் தேதி என்பது என் ஊகம். நீங்கள் உண்மையில் எந்தத் தேதியில் செய்கிறீர்களோ அதை எழுதுங்கள், நீங்கள் செய்யாத எதையும் சேர்க்காதீர்கள். மறுபடி கூப்பிட்டால் முதல் கேள்வி இதைப் பற்றித்தான் வரும்.

இதில் மூன்று இடங்களைக் கவனியுங்கள். உங்கள் இப்போதைய கம்பெனியின் சப்ளையர் பெயரோ, எத்தனை லட்சம் மிச்சமானது என்ற கணக்கோ இல்லை. அதை எழுதினால், நாளை நம் கணக்கையும் இந்தப் பெண் வெளியே சொல்வாள் என்றுதான் அந்த மேனேஜர் நினைப்பார். அடுத்தது, காலாண்டு சப்ளையர்களின் பில் தங்கிவிடும் என்ற வரி. எழுதும்போது அது பலவீனம் போலத் தோன்றும், எடுத்துவிடத் தோன்றும். எடுக்காதீர்கள். வேலையைக் கையால் செய்தவருக்கு மட்டுமே அது எங்கே நிற்கும் என்று தெரியும், ஃபைனான்ஸ் மேனேஜர் அந்த வரியில்தான் உங்களை நம்புவார். கடைசியாக, அவருடைய டீம் தப்புச் செய்கிறது என்ற தொனி எங்கும் வரக்கூடாது. அவர்களும் போன் போட்டுப் பார்த்திருக்கலாம். ஆள் போதாமல் விட்டிருக்கலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எஸ்ஏபி பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். கேட்டார்கள், உண்மையைச் சொன்னீர்கள். அதை மெயிலில் மறுபடி கிளப்பினால் அவர்கள் கடைசியாகப் படிப்பது உங்களிடம் இல்லாததைப் பற்றியதாக இருக்கும்.

யாருக்கு அனுப்புவது என்பது பெரிய விஷயமில்லை. நேர்காணலுக்கு அழைத்து வந்த மெயிலுக்கே பதிலாக ஹெச்ஆருக்கு அனுப்பி, மற்ற இருவரிடமும் சேர்க்கச் சொல்லுங்கள். அழைப்பிலேயே மூவரின் முகவரியும் இருந்தால் மூவரையும் சேர்த்து ஒரே மெயில். லிங்க்ட்இன்னில் தேடி முகவரியை ஊகித்து அனுப்புவதெல்லாம் வேண்டாம். ஒரே வாசகத்தை மூன்று பேருக்குத் தனித்தனியாக அனுப்புவது அதைவிட மோசம். எங்களுக்கு அப்படி வந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம், அங்கேயே அதன் மதிப்பு போய்விடும். பெயர்களின் எழுத்தைச் சரிபாருங்கள். ரெஸ்யூமேயை மறுபடி இணைக்காதீர்கள். சம்பளப் பேச்சு கூடாது. அப்புறம், இதெல்லாம் தனியார் கம்பெனிகளுக்குத்தான். டிஎன்பிஎஸ்சி போன்ற அரசுத் தேர்வுகளில் குழுவைத் தொடர்பு கொள்வதே விண்ணப்பத்துக்கு ஆபத்து.

கெஞ்சுவது போல இருக்கிறது என்றீர்களே. உங்கள் வரைவு அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் அதில் நீங்கள் கேட்பது மட்டும் இருந்தது, கொடுப்பது ஒன்றும் இல்லை. அம்பத்தூரில் மாதாமாதம் போனைப் பிடித்துக்கொண்டு, எடுக்காத சப்ளையரை மறுபடி மறுபடி கூப்பிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு வேலையைச் செய்கிற பெண் நீங்கள். அதை யாரிடமும் சொல்லாமல் இருப்பது அடக்கம் என்று நினைத்திருக்கிறீர்கள். உங்கள் மேனேஜருக்காவது அது தெரியுமா? தெரியாது என்றால் அவரிடமும் சொல்லுங்கள், அடுத்த அப்ரைசலுக்கு முன்.

பதில் எப்போது தருவதாகச் சொன்னார்களோ அதுவரை இன்னொரு மெயில் வேண்டாம். அந்தத் தேதி தாண்டி இரண்டு வேலைநாள் போன பிறகு, ஹெச்ஆருக்கு மட்டும் ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.