பழைய கம்பெனி ஒன்றின் சேர்மன், எம்.டி. யார் யார், எப்போதிலிருந்து எப்போது வரை என்று ஆண்டறிக்கைகளை வைத்தே பட்டியல் போட முடியுமா?

முடியும். உங்கள் வீட்டிலும் பழைய பங்குப் பத்திரங்கள் கிடைத்துத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் ஐயா பங்கு வைத்திருந்த ஒரு நூற்பாலைக்கு நான் போட்டேன். காரைக்குடி வீட்டுப் பெட்டகத்தில் 1958 முதல் 1996 வரை அறிக்கைகள் வரிசையாக இருந்தன.

முதல் தவறு தேதியில் வந்தது. 1988 மார்ச் 31-ல் முடிந்த ஆண்டின் அறிக்கையில், இயக்குநர்கள் பக்கத்தில் புதிய சேர்மன் பெயர் இருந்தது. அதனால் 1987-88 என்று குறித்துவிட்டேன். ஆனால் அந்தப் பக்கம் அறிக்கை அச்சுக்குப் போன நாளின் நிலவரம். உள்ளே இயக்குநர்கள் அறிக்கையில் ஒரு இரங்கல் பத்தி: பழைய சேர்மன் காலமானது 1988 ஜூனில். அதாவது கணக்காண்டு முடிந்த பிறகு. அதிலிருந்து முன்பக்கத்தை நம்புவதை விட்டேன். எம்.டி. விஷயத்தில் பொதுக்குழு அறிவிப்பைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எத்தனை ஆண்டுக்கு நியமனம் என்று தீர்மானத்திலேயே இருக்கும். ஒரு தடவைக்கு 5 ஆண்டுக்கு மேல் நியமிக்கச் சட்டம் விடாது. ஆகவே அந்தக் காலம் முடிந்ததும் அதே பெயர் மறுபடி வந்தால் புது ஆள் என்று நினைக்க வேண்டாம், மறுநியமனம்தான்.

பெரிய தவறு பெயரில். 1969-ல் விலகிய சேர்மன் 1988-ல் திரும்பி வந்தார் என்று எழுதியிருந்தேன். நம் பக்கத்தில் ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம், விலாசமும், அதாவது பெயருக்கு முன் வரும் எழுத்துகளும், ஒன்றே. எனக்கே அது உறைக்கவில்லை! காட்டிக்கொடுத்தது, 1956 கம்பெனிச் சட்டத்தின் 217(2A) பிரிவுப்படி அறிக்கையில் வரும் இணைப்பு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் சம்பளம் வாங்குவோரின் வயது, படிப்பு, சேர்ந்த தேதி எல்லாம் அதில் வரும். 1988-ல் சேர்மனானவர் எம்.டி.யும் என்பதால் அதில் இருந்தார். 1990 அறிக்கையில் வயது 41. அப்படியானால் 1958-ல் சேர்மனாக இருந்தவர் இவருடைய ஐயா. இதற்கு நேர்மாறாக, இரண்டு ஆள் என்று நான் எழுதிய ஒரு இயக்குநர் ஒரே ஆள்தான். இடையில் வேறொரு வீட்டில் அவரைப் பிள்ளை கூட்டிக்கொண்டதால், அதாவது தத்தெடுத்ததால், அவர் விலாசம் மாறியிருந்தது.

ஆடிட்டர்கள் யாராவது வந்து, ‘இயக்குநர் மாற்றங்களுக்குக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கலான படிவம் 32 போதுமே’ என்பார்கள். தப்பில்லை, இப்போது அது DIR-12. இயக்குநர் எண் வந்த 2006-க்குப் பிறகு இந்தப் பெயர்க் குழப்பமும் இல்லை. ஆனாலும் ஒருவர் போர்டில் சேர்ந்த தேதியை அவர் சேர்மனான தேதியாக எடுத்துவிடாதீர்கள். 1988-ல் சேர்மனான இவர் போர்டுக்கு வந்தது 1979-லேயே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. தேவகோட்டையில் ஆயா வீட்டைப் பிரித்தபோது தூண், கதவுக்கெல்லாம் பங்காளிகள் விலை பேசினார்கள். காகிதங்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள். ஆலையின் ஆரம்பகால அறிக்கைகளும் அதோடு போயின. அதனால் என் பட்டியலின் முதல் வரியில் தொடக்க ஆண்டு போடவில்லை. ‘1958-க்கு முன்பிருந்தே’ என்று மட்டும் இருக்கிறது.