விலைப் பக்கம்: எந்தத் திட்டம் என்று புரியவில்லை என்கிறார்கள்

> "என் மென்பொருளின் விலைப் பக்கத்தில் மூன்று திட்டங்கள், 34 வரி ஒப்பீட்டு அட்டவணை வைத்திருக்கிறேன். படித்துவிட்டும் 'எனக்கு எது சரி?' என்றே மெயில் அனுப்புகிறார்கள். அடியில் இருக்கும் கேள்வி-பதிலை யாரும் பார்ப்பதில்லை."

முதலில், மூன்று திட்டத்திலும் டிக் விழும் வரிகளை எடுத்துவிடுங்கள். "எல்லாத் திட்டங்களிலும் உண்டு" என்று அட்டவணைக்குக் கீழே ஒரே வரியில் சொன்னால் போதும். மிச்சத்தில் மேலே வரவேண்டியது, ஆளைத் திட்டத்தோடு பொருத்தும் அளவு. பில்லிங் மென்பொருள் என்றால் பயனர் எண்ணிக்கையும் மாத பில் எண்ணிக்கையும்தான் அது. "வரம்புக்குட்பட்டது" என்று எழுதாமல் "மாதம் 200 பில்" என்று எழுதுங்கள். திட்டப் பெயருக்கு அடியிலேயே "தனியாக நடத்துபவருக்கு" என்று ஒரு வரி வந்தால் பாதி மெயில் நின்றுவிடும்.

சந்தேகங்களை அவை எழும் இடத்திலேயே தீருங்கள். மாத, வருட மாற்றுப் பொத்தானுக்குப் பக்கத்தில், வருடத்துக்கு மொத்தமாக எவ்வளவு பிடிக்கப்படும் என்பது. இலவச சோதனைப் பொத்தானுக்கு அடியில், கார்டு வேண்டுமா, 14 நாள் முடிந்ததும் தானாகப் பணம் போகுமா என்பது. 200 வரம்புக்குப் பக்கத்தில், 201-வது பில்லுக்கு என்ன ஆகும் என்பது: நின்றுவிடுமா, கூடுதல் கட்டணமா?

அடியில் இருக்கும் கேள்வி-பதிலில், திட்டத்தை ரத்து செய்வது எப்படி, கீழ்த் திட்டத்துக்கு இறங்கினால் பழைய தரவு என்னவாகும் போன்ற நாலைந்து கேள்விகள் போதும். அதையும் உங்களுக்கு வந்த மெயிலில் இருக்கும் வார்த்தையிலேயே எழுதுங்கள். "எங்கள் மென்பொருள் ஏன் சிறந்தது?" என்று எந்த வாடிக்கையாளரும் கேட்பதில்லை.