இலவச வழிகாட்டியை எடுத்தவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை? ஆலோசனை நிறுவனங்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஜிஎஸ்டி ஆலோசனை தருபவர்களுடையவை. எனவே எல்லாப் பதில்களுக்கும் அந்தத் தொழிலையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் தளத்தில் "ஜிஎஸ்டி முழுமையான கையேடு" என்று 48 பக்க பிடிஎஃப் ஒன்றை இலவசமாகத் தருகிறோம். தினமும் சிலர் டவுன்லோடு செய்கிறார்கள். ஆறு மாதத்தில் ஒருவர்கூட வாடிக்கையாளராகவில்லை. எங்கே தவறு?

தலைப்பில்தான். "முழுமையான கையேடு" என்றால் பி.காம். மாணவரும், இன்டர்வியூவுக்குத் தயாராகும் அக்கவுன்டன்டும்தான் தேடி வருவார்கள். அவர்கள் கட்டணம் தரப்போவதில்லை. ஆலோசகருக்குப் பணம் தருபவர், கையில் ஒரு சிக்கலை வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் இருப்பவர். வழிகாட்டி அந்தச் சிக்கலின் பெயரிலேயே இருக்க வேண்டும்.

ASMT-10 நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். தாக்கல் செய்த ரிட்டர்னில் முரண்பாடு தெரிந்தால், ஜிஎஸ்டி சட்டத்தின் 61-ஆம் பிரிவின்படி அதிகாரி விளக்கம் கேட்டு அனுப்பும் கடிதம் அது. பொதுவாக 30 நாளுக்குள் ASMT-11 படிவத்தில் பதில் தர வேண்டும். பதில் ஏற்கப்பட்டால் ASMT-12 வந்து விஷயம் முடிந்துவிடும். "ASMT-10 வந்துவிட்டதா? 30 நாளில் பதில் தயாரிப்பது எப்படி" என்று ஆறு பக்கம் எழுதுங்கள். டவுன்லோடு எண்ணிக்கை குறையும். ஆனால் எடுப்பவர்களில் பெரும்பாலோர் நோட்டீஸ் வந்தவர்களாகவே இருப்பார்கள்.

முதல் பக்கத்தில் நோட்டீஸ் எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். போர்ட்டலில் Services, User Services, View Additional Notices/Orders என்று போனால்தான் பல நோட்டீஸ்கள் கண்ணில் படும். அங்கே பார்க்கத் தெரியாமலேயே கெடுவைத் தவறவிடுபவர்கள் நிறைய. அடுத்த பக்கங்களில் ஒரே ஒரு கணக்கை அட்டவணையாக முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். உதாரணத்துக்கு, திருப்பூரில் ஒரு பனியன் யூனிட். அவர்கள் தாக்கல் செய்த GSTR-3B ரிட்டர்னில் எடுத்த உள்ளீட்டு வரி வரவு 9,40,000 ரூபாய், சப்ளையர்களின் ரிட்டர்னிலிருந்து போர்ட்டலே தயாரிக்கும் GSTR-2B-யில் இருப்பது 8,60,000 ரூபாய், வித்தியாசம் 80,000 என்கிறது நோட்டீஸ். பிரித்துப் பார்த்தால், 52,000 ரூபாய் சாயப்பட்டறை தன் விற்பனை ரிட்டர்னான GSTR-1-ஐத் தாமதமாகப் போட்டதால் அடுத்த மாத 2B-யில் வந்திருக்கிறது. 18,000 ரூபாய்க்கான பில்லில் சப்ளையர் ஜிஎஸ்டி எண்ணைத் தவறாக அடித்திருக்கிறார். மீதி 10,000 ஒரே பில்லை இரண்டு முறை எடுத்தது.

முதல் தொகைக்கு 2B ஆதாரத்தோடு விளக்கம் எழுதலாம். முன்கூட்டியே எடுத்த காலத்துக்கு வட்டி கேட்கக்கூடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மூன்றாவதை வட்டியோடு DRC-03 படிவத்தில் கட்டிவிட்டு, அந்த விவரத்தைப் பதிலில் காட்ட வேண்டும். நடுவில் இருக்கும் 18,000-தான் சிக்கல். சப்ளையர் திருத்தம் போட வேண்டும், அதற்குக் கால வரம்பு உண்டு, அவர் ஒத்துழைக்கவும் வேண்டும். வாசகர் தன் கணக்கை அதே அட்டவணையில் நிரப்பும்போது, எந்த இடத்தில் ஆலோசகர் தேவை என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிட்டால் வேலை கைநழுவும் என்று சிலர் பாதியை மறைக்கிறார்கள். வேண்டாம். வித்தியாசம் முழுவதும் தாமத பில்லாக இருப்பவர் தானே பதில் போட்டுக்கொள்ளட்டும், அவர் எப்படியும் உங்களிடம் வரப்போவதில்லை. மறைத்து எழுதிய வழிகாட்டியைப் படிப்பவர் அதை விளம்பரம் என்று மூன்றாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

ஃபார்மில் என்னென்ன கேட்கலாம்? மொபைல் எண்ணைக் கட்டாயமாக்கினால் பாதிப் பேர் போய்விடுகிறார்கள்.

போவது மட்டுமில்லை, இருப்பவர்களில் பலர் பொய் எண்ணைத் தருவார்கள். பெயர், மெயில் இரண்டும் கட்டாயம், மொபைல் விருப்பம் என்று வையுங்கள். நான்காவதாக ஒரு கேள்வி: "நோட்டீஸ் வந்த தேதி". பக்கத்திலேயே "இன்னும் வரவில்லை" என்று ஒரு தேர்வு. பிறகு செய்யும் ஃபாலோ-அப் முழுவதும் இந்த ஒரு பதிலை நம்பித்தான் இருக்கிறது. நோட்டீஸ் வந்து 26 நாள் ஆனவரும், வராதவரும் ஒரே லீட் அல்ல.

பிடிஎஃப்பை நன்றிப் பக்கத்திலேயே திறந்துவிடாமல், லிங்கை மெயிலில் அனுப்புங்கள். அப்போது "gmial.com" போன்ற தவறான முகவரிகள் தாமாகவே கழிந்துவிடும். நன்றிப் பக்கத்தில், "மெயில் அனுப்பியிருக்கிறோம், ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள்" என்று எழுதி, எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்பதையும் காட்டுங்கள். தவறாக அடித்தவர் அங்கேயே திருத்திக்கொள்வார்.

தொடர்ந்து மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பச் சம்மதம் கேட்கும் பெட்டி தனியாக இருக்கட்டும், முன்கூட்டியே டிக் போட்டு வைக்காதீர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும் நிபந்தனையின்றியும் தரப்பட வேண்டும் என்கிறது. சம்மதம் தந்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே வழிகாட்டியை வாங்க இந்த டிக்கைக் கட்டாயமாக்கக் கூடாது.

ஃபார்மை நிரப்பாமலேயே கூகுளில் தேடி எங்கள் பிடிஎஃப்பை நேராக எடுக்கிறார்கள். நிறுத்த முடியுமா?

முடியும். முதலில் கூகுளில் `site:உங்கள்தளம் filetype:pdf` என்று தேடி எத்தனை கோப்புகள் வெளியே தெரிகின்றன என்று பாருங்கள். அப்பாச்சி சர்வரில் mod_headers இயங்கினால் `.htaccess` கோப்பில் இதைச் சேருங்கள்:

```
<FilesMatch "\.pdf$">
  Header set X-Robots-Tag "noindex"
</FilesMatch>
```

இது தளத்தில் உள்ள எல்லா பிடிஎஃப்களையும் தேடலிலிருந்து மறைத்துவிடும். கட்டண விவரம் போன்றவை தேடலில் தெரிய வேண்டுமென்றால், வழிகாட்டியைத் தனி ஃபோல்டரில் வைத்து அங்கே மட்டும் இந்தக் கோப்பைப் போடுங்கள். பலர் செய்யும் தவறு, கூடவே `robots.txt`-இலும் அந்த ஃபோல்டரைத் தடுப்பது. தடுத்துவிட்டால் கூகுள் கோப்பைத் திறக்காது, noindex என்ற கட்டளையையும் பார்க்காது, பழைய முகவரி தேடலில் அப்படியே கிடக்கும். ஒருவர் இன்னொருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதை இது தடுக்காது. தடுக்கவும் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் உங்கள் எண் இருந்தால் போதும்.

டவுன்லோடு செய்தவர்களுக்கு ஐந்து மெயில் அனுப்புகிறோம். யாரும் பதில் போடுவதில்லை. எத்தனை நாள் இடைவெளி சரி?

டவுன்லோடு செய்த நாளிலிருந்து எண்ணுவதுதான் கோளாறு. நோட்டீஸ் தேதியிலிருந்து எண்ணுங்கள். ஜூன் 14 நோட்டீஸ் என்றால் 30 நாள் கெடு ஜூலை 14. அவர் ஜூன் 20-ஆம் தேதி டவுன்லோடு செய்தால் லிங்க் உடனே போகட்டும், இரண்டு நாள் கழித்து ஒரு கேள்வி மட்டும் போகட்டும்:

"வணக்கம். ஜூன் 14-ஆம் தேதி நோட்டீஸ் வந்ததாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். மூன்றாம் பக்க அட்டவணையை நிரப்பிப் பார்த்தீர்களா? வித்தியாசம் எதில் அதிகம் வருகிறது: சப்ளையரின் தாமதமா, தவறான எண்ணா, இரண்டு முறை எடுத்ததா? இந்த மெயிலுக்கே ஒரு வரியில் பதில் போட்டால் போதும்."

கட்டணம், நிறுவனப் பெருமை, "இன்றே அழையுங்கள்" எதுவும் இதில் இல்லை. ஒரு வரியில் பதில் சொல்ல முடிகிற கேள்வி இருப்பதால்தான் பதில் வரும். அனுப்பும் முகவரி noreply என்று தொடங்கினால் எல்லாம் வீண். ஒரு மனிதரின் பெயரில், அவரே படிக்கும் முகவரியிலிருந்து போக வேண்டும். பதில் வந்தால் தானியங்கி மெயில்கள் அந்த நொடியே நிற்க வேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு நடுவில் "வழிகாட்டியைப் படித்தீர்களா?" என்று இயந்திர மெயில் போவதைப்போல நம்பிக்கையைக் கெடுப்பது வேறில்லை.

பதில் வராவிட்டால் கெடுவுக்குப் பத்து நாள் முன்பு, பதிலோடு இணைக்க வேண்டிய ஆவணப் பட்டியலை அனுப்புங்கள். நான்கு நாள் முன்பு கடைசியாக ஒன்று: கட்டணம் எவ்வளவு, என்ன அனுப்பினால் எத்தனை நாளில் வரைவு கிடைக்கும், எந்தத் தேதிக்குப் பிறகு நீங்கள் வேலையை ஏற்க முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஐந்து நாள்கூட மீதி இல்லாதவர் மொபைல் எண்ணும் சம்மதமும் தந்திருந்தால், மெயில் வரிசையே வேண்டாம், அன்றே அழையுங்கள். நோட்டீஸ் வராதவருக்கு மாதம் ஒரு மெயில் தாராளம்.

வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பின் பிராட்காஸ்ட் லிஸ்டை நம்பாதீர்கள். உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே அது போகும், புது லீட் யாரும் சேமித்திருக்க மாட்டார்.

மெயில்கள் ஸ்பேமுக்குப் போகின்றன. லிஸ்ட் 300 பேர்தான்.

மெயில் உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று உறுதிசெய்யும் SPF, DKIM, DMARC என்ற மூன்று பதிவுகளும் டொமைனின் டிஎன்எஸ்ஸில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் பயனர்களுக்கு நாளுக்கு 5,000-க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். சிறிய லிஸ்டுக்கு முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும், ஆனால் மூன்றையும் போடுவதே நல்லது. சரிபார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு மெயில் அனுப்பி Show original என்பதைத் திறங்கள், மூன்றுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். பெரும்பாலும் அங்கே தெரியும் கோளாறு இதுதான்: ஃபார்ம் மெயிலைத் தளத்தின் சர்வரே அனுப்புகிறது, SPF-இல் அந்த சர்வர் சேர்க்கப்படவில்லை.

நான் ஆடிட்டர். இப்படிச் செய்ய எனக்கு அனுமதி உண்டா?

கவனமாக இருங்கள். 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்காளர் சட்டத்தில், முதல் அட்டவணையின் முதல் பகுதி 6-ஆம் உட்பிரிவு, வேலை தேடி வாடிக்கையாளரை அணுகுவதை ஒழுங்கு மீறலாகக் கொள்கிறது. வழக்கறிஞர்களுக்கும் பார் கவுன்சிலின் 36-ஆம் விதி உண்டு. வழிகாட்டியை வெளியிடுவது வேறு, எடுத்தவரை விடாமல் தொடர்ந்து வேலை கேட்பது வேறு. மேலே சொன்ன கடைசி மெயிலையும் அழைப்பையும் விட்டுவிட்டு, அவர் கேட்டதற்கு மட்டும் பதில் தரும் அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். தொடங்கும் முன் பட்டயக் கணக்காளர் கழகமான ஐசிஏஐ-யின் தற்போதைய விளம்பர விதிகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். ஜிஎஸ்டி பிராக்டிஷனராக மட்டும் இருப்பவருக்கு இந்த இரண்டு விதிகளும் பொருந்தாது.

மெயில் திறப்பு 60 சதவீதம் காட்டுகிறது, வேலை வரவில்லை. எதை நம்புவது?

திறப்பை நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெயில் தனியுரிமை வசதி, பயனர் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும், அது திறப்பாகப் பதிவாகும். ஒரு தாளில் நான்கு எண்களை மட்டும் மாதாமாதம் எழுதுங்கள்: நோட்டீஸ் தேதி தந்தவர்கள், கேள்விக்குப் பதில் போட்டவர்கள், ஆவணம் அனுப்பியவர்கள், கட்டணம் செலுத்தியவர்கள். தேதி தந்தவர் 20, பதில் போட்டவர் 1 என்றால் முதல் மெயிலின் கேள்வியை மாற்றுங்கள். பதில் போட்டவர் 8, ஆவணம் அனுப்பியவர் 1 என்றால் மெயிலில் குறையில்லை. ஒருவேளை உங்கள் பதில் மறுநாள் மாலை போயிருக்கும், அல்லது ஒரே நேரத்தில் பதினைந்து ஆவணம் கேட்டிருப்பீர்கள். நோட்டீஸ் நகலையும் அந்தக் காலத்து 2B-யையும் மட்டும் முதலில் கேளுங்கள், மற்றவை பிறகு.