பில்லில் இரண்டு கார்ட்ரிஜ்: பிள்ளையின் உடம்பில் எவ்வளவு?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது, எடை 15 கிலோ. போன வாரம் டவுனில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் இடப்பக்கக் கீழ்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். பில்லில் 'மரப்பு ஊசி, 2 கார்ட்ரிஜ்' என்று இருக்கிறது. கிளம்புமுன் மருந்துக்கடையில் வாங்கிய மரப்பு ஜெல்லை நானும் ஈறில் தடவிவிட்டேன். சின்னப் பிள்ளைக்கு இது அதிகமில்லையா? அடுத்த வாரம் வலப்பக்கம் பிடுங்க வேண்டும்.
(ஒரு தாய், சுங்கை சிப்புட்)

பதில்: அம்மா, போன வாரம் போட்ட மருந்தைப் பற்றி இனிக் கவலை வேண்டாம். மரப்பு ஊசியில் வழக்கமாக இருக்கும் லிடோகைன் என்ற மருந்து சில மணி நேரத்தில் ஈரலில் சிதைந்து வெளியேறிவிடும். அளவு மீறியிருந்தால் அன்றைக்கே, பெரும்பாலும் ஊசி போட்ட சில நிமிடங்களில், தெரிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரத்துக்கு முன் நீங்கள் கேட்டுத் தெளிய வேண்டியது ஒன்று இருக்கிறது.

சிறுவர் பல் மருத்துவத்தில் லிடோகைனின் உச்ச அளவு ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராம். உங்கள் மகனுக்கு 15 பெருக்கல் 4.4, அதாவது 66 மில்லிகிராம். மருந்தின் மேல் '2%' என்று எழுதியிருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 20 மில்லிகிராம் இருக்கிறது என்று பொருள். ஆகவே அவனுக்கான எல்லை 3.3 மில்லிலிட்டர். ஒரே நாளில் எத்தனை இடத்தில் குத்தினாலும் எல்லாம் சேர்ந்துதான் இந்தக் கணக்கு.

கார்ட்ரிஜ் என்பது சுண்டுவிரலைவிட மெல்லிய கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரப்பர் அடைப்பு, மறு முனையில் உலோக மூடி. இதில் 1.8 மில்லிலிட்டர் கொள்வதும் உண்டு, 2.2 கொள்வதும் உண்டு. முதலாவதில் 36 மில்லிகிராம், இரண்டாவதில் 44. இரண்டு குழாயை முழுதாகச் செலுத்தினால் 72 அல்லது 88 ஆகும். எப்படிப் பார்த்தாலும் 66-ஐத் தாண்டிவிடுகிறது. நீங்கள் பயந்ததில் தப்பே இல்லை.

ஆனால் பில் சொல்வது திறந்த குழாய்களின் எண்ணிக்கையை. ஒரு பிள்ளைக்குத் திறந்ததை இன்னொருவருக்குப் பயன்படுத்தக் கூடாது, மிச்சம் குப்பைக்குத்தான் போகும். முதல் குழாய் முடிந்தும் மரப்பு சரியாகப் பிடிக்காமல், இரண்டாவதில் கால்வாசி மட்டும் போட்டிருந்தாலும் 'இரண்டு' என்றே எழுதுவார்கள். அதனால் விலையைப் பற்றி வாதாட வேண்டாம். "மொத்தம் எத்தனை மில்லிலிட்டர் செலுத்தினீர்கள், எத்தனை சதவீத மருந்து?" என்று கேளுங்கள். நோயாளிக் குறிப்பில் அது இருக்க வேண்டும். எழுதி வைக்கவில்லை என்ற பதில் வந்தால், நானாக இருந்தால் வலப்பக்கத்துக்கு வேறு கிளினிக் தேடுவேன்.

காயத்துக்குத் தையல் போடப் போனால் இன்னும் பெரிய எண்களைக் கேட்பீர்கள். அட்ரினலின் கலக்காத லிடோகைனுக்குக் கிலோவுக்குச் சுமார் 4.5, கலந்ததற்கு 7 மில்லிகிராம் வரை என்பது பல இடங்களில் உள்ள வழக்கம். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மருந்து ரத்தத்தில் மெல்லக் கலக்கும்படி செய்கிறது. ஆனால் ஊசிமுனை நேராக ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் மருத்துவர் மருந்தைச் செலுத்துமுன் ஊசியைச் சற்றுப் பின்னிழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார். காயம் நீளமாக இருந்தால் 1% மருந்து நல்லது. அதே மில்லிகிராமுக்கு இரண்டு மடங்கு மில்லிலிட்டர் கிடைக்கும்.

அளவு மீறினால் பெரியவர்கள் உதட்டைச் சுற்றி ஊறுவதாகவும், காது இரைவதாகவும், வாயில் உலோகச் சுவை வருவதாகவும் சொல்வார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அதைச் சொல்லத் தெரியாது. திடீரென வெறிபிடித்தாற்போல அழுவான், அல்லது துவண்டு தூங்கிவிடுவான். பேச்சு குழறும், முகம் வெட்டி இழுக்கும். அதன் பின் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தடுமாறலாம். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரமாவது கிளினிக்கிலேயே உட்கார்ந்திருங்கள். வழியில் இப்படி நடந்தால் 999-ஐ அழையுங்கள். மயக்க மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், இந்தத் துவளலை மருந்துத் தூக்கம் என்று எல்லாரும் நினைத்துவிடுவார்கள். கூடுதல் கவனம் தேவை.

இனி ஜெல். 5% லிடோகைன் ஜெல்லில் ஒரு கிராமுக்கு 50 மில்லிகிராம் மருந்து. தடவியது முழுவதும் ரத்தத்தில் சேராது, ஆனாலும் ஈறு வேகமாக உறிஞ்சும். ஆகவே அதையும் அந்த 66-க்குள் அடக்கிக் கணக்கிடுவதே சரி. நீங்கள் தடவியது மருத்துவருக்குத் தெரியாமல் போனால் அவருடைய கணக்கு அடியிலேயே தவறிவிடும். சில ஜெல்களில் லிடோகைனுக்குப் பதில் பென்சோகைன் இருக்கிறது. அதன் ஆபத்து வேறு மாதிரி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைக்கக்கூடியது. அடுத்த வாரம் வீட்டில் எதையும் தடவாதீர்கள். அந்த ட்யூபைக் கையோடு கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், ஊசிக்கு முன் பிள்ளையை அங்கேயே தராசில் நிறுத்தச் சொல்லுங்கள்.