ரெஸ்யூமேயும் லிங்க்ட்இன்னும் முரண்பட்டால் எதை வைத்துச் சரிபார்ப்பது?

கேள்வி: என் ரெஸ்யூமேயில் ஒரு தேதி, லிங்க்ட்இன்னில் வேறு தேதி இருக்கிறது. பதவிப் பெயரும் அப்படியே பொருந்தவில்லை. ஐ.டி. வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். எதை எதற்கு ஏற்ப மாற்றுவது?

ஆட்தேர்வில் இருக்கிறேன். நிறையப் பேர் ரெஸ்யூமேயைத் திறந்து வைத்துக்கொண்டு லிங்க்ட்இன்னை அதற்கேற்பத் திருத்துகிறார்கள். இரண்டுமே ஞாபகத்திலிருந்து எழுதியவை என்றால், இரண்டிலும் ஒரே தவறு உட்கார்ந்துவிடும். முதலில் ஆஃபர் லெட்டர், ரிலீவிங் லெட்டர், அப்புறம் பி.எஃப். உறுப்பினர் தளத்தில் Service History பக்கம், இந்த மூன்றையும் எடுத்து வையுங்கள். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது இவற்றைத்தான்.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் டெஸ்டிங் வேலையில் இருக்கிறார். முதல் கம்பெனியில் 2018 ஜூனில் சேர்ந்தார். ரிலீவிங் லெட்டரில் கடைசி நாள் 26 மார்ச் 2021. அடுத்த கம்பெனியில் 12 ஏப்ரல் 2021 அன்று சேர்ந்தார். ரெஸ்யூமேயில் சரியாக மார்ச் என்றே இருக்கிறது. லிங்க்ட்இன்னில் மட்டும், பழைய வேலைக்கு முடிவுத் தேதி போட மறந்து, பிறகு ஒருநாள் ஏதோ ஒரு நினைப்பில் மே 2021 என்று போட்டுவிட்டார். அவருக்கு அது இரண்டு மாதப் பிசகு. பார்க்கிற எங்களுக்கோ, ஏப்ரலிலும் மே மாதத்திலும் ஒரே ஆள் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்ததுபோல் தெரிகிறது. ஐ.டி. துறையில் பலர் ஒரே நேரத்தில் இரண்டு கம்பெனியில் வேலை பார்த்த விவகாரத்துக்குப் பிறகு, இப்படித் தேதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால் உடனே கேள்வி வரும். இடைவெளியைவிட இதைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

ரெஸ்யூமேயில் ‘2018 – 2021’ என்று வருடம் மட்டும், லிங்க்ட்இன்னில் மாதத்தோடு என்றிருந்தாலும் சந்தேகம்தான். ஏதோ இடைவெளியை மறைக்கிறார் என்று தோன்றும். இரண்டிலும் மாதம், வருடம் போடுங்கள், நாள் தேவையில்லை. இன்னொன்று: லிங்க்ட்இன் தொடங்கிய மாதம், முடிந்த மாதம் இரண்டையும் சேர்த்தே எண்ணும். அதனால் ஜூன் 2018 முதல் மார்ச் 2021 வரை என்பது அங்கே 2 வருடம் 10 மாதம் என்று தெரியும். நீங்கள் 2 வருடம் 9 மாதம் என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம், அதை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள்.

பதவிப் பெயருக்கு வருகிறேன். லெட்டரில் ‘சிஸ்டம்ஸ் இன்ஜினியர்’, நீங்கள் செய்ததோ டெஸ்ட் லீட் வேலை. பதவிக்கான கட்டத்தில் லெட்டரில் உள்ளதையே போடுங்கள், ரெஸ்யூமேயிலும் அதேதான். டெஸ்ட் லீடாக வேலை செய்ததை அதன் கீழே விளக்கத்தில் எழுதலாம். லிங்க்ட்இன்னில் பெயருக்குக் கீழே வரும் வரியிலும் போடலாம். பதவி உயர்வு பெற்றவர்கள் செய்யும் ஒரு காரியம், ரெஸ்யூமேயில் ‘சீனியர் இன்ஜினியர், 2021 முதல்’ என்று மொத்தக் காலத்தையும் புதுப் பதவிக்குக் கொடுத்துவிடுவது. 2023இல்தான் சீனியர் ஆனார் என்று லிங்க்ட்இன் காட்டும். ஒரே கம்பெனியின் கீழ் இரண்டு பதவிகளைத் தனித்தனித் தேதியோடு இரண்டு இடத்திலும் போடுவதே சரி.

கான்ட்ராக்டில் இருந்தவர்கள் கவனிக்க வேண்டியது கம்பெனி பெயர். சம்பளம் கொடுத்தது ஒரு பேரோல் நிறுவனம், தினமும் போய் உட்கார்ந்தது பெரிய கிளையன்ட் அலுவலகத்தில். லிங்க்ட்இன்னில் கிளையன்ட் பெயரைப் போட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பி.எஃப். பதிவில் வருவது பேரோல் நிறுவனத்தின் பெயர். கிளையன்ட் எச்.ஆரிடம் கேட்டால், அப்படி ஒருவர் எங்கள் பட்டியலில் இல்லை என்பார்கள். கம்பெனி இடத்தில் பேரோல் நிறுவனம், கிளையன்ட் பெயரை வெளியே சொல்ல அனுமதி இருந்தால் விளக்கத்தில் அது.

திறமைகளில் வரிக்கு வரி ஒற்றுமை வேண்டாம். ரெஸ்யூமே அந்தந்த வேலைக்காகச் சுருக்கியது, அது யாருக்கும் தெரியும். ஆனால் ரெஸ்யூமேயில் ஆட்டோமேஷன் டெஸ்டிங் கருவியான செலினியத்தைப் போட்டு ‘செலினியம் 4 வருடம்’ என்று எழுதிவிட்டு, லிங்க்ட்இன் விளக்கத்தில் 2023 வரை மேனுவல் டெஸ்டிங் மட்டுமே இருந்தால், நேர்காணலில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். ஒவ்வொரு திறமையையும் எந்த புராஜெக்டில், எப்போது பயன்படுத்தினீர்கள் என்று சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடியாததை இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள்.

திருத்தும்போது Notify network என்பதை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புது வேலை கிடைத்ததாக நினைத்து வாழ்த்துகள் வரலாம். நௌக்ரியில் கணக்கு இருந்தால் அதையும் பாருங்கள். பலர் மறப்பது அதைத்தான். பழைய ரெஸ்யூமேயை ஏற்கெனவே அனுப்பிய கம்பெனிகளிடம் அது பத்திரமாக இருக்கும். அங்கெல்லாம் வெரிஃபிகேஷன் படிவம் நிரப்புவதற்கு முன்பே, எந்தத் தேதி மாறியது என்று சொல்லி எச்.ஆருக்கு ஒரு சின்ன மெயிலுடன் புது ரெஸ்யூமேயை அனுப்பிவிடுங்கள்.