10 லட்ச ரூபாய் முதலீட்டில் எந்தப் பகுதி அதிக ரிஸ்க்கைக் கொண்டுவருகிறது?

கேள்வி: மதுரை கே.கே. நகரில் வசிக்கிறேன். என்னிடம் உள்ள 10 லட்சத்தில் 5 லட்சம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டிலும், 2 லட்சம் ஸ்மால்கேப் ஃபண்டிலும், 3 லட்சம் கோல்டு இடிஎஃபிலும் இருக்கிறது. மொத்தத் தொகை ஏறி இறங்குவதற்கு எது முக்கியக் காரணம்? ஸ்மால்கேப்பை விற்றுவிட்டால் ரிஸ்க் எவ்வளவு குறையும்?

பதில்:

மொத்த ஏற்ற இறக்கத்தில் பாதிக்கு மேல் நிஃப்டி ஃபண்டிலிருந்து வருகிறது. ஆனால் போட்ட ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிக ரிஸ்க்கைச் சேர்ப்பது ஸ்மால்கேப். முதலாவதைச் சொல்வது கூறுப் பங்களிப்பு, இரண்டாவதைச் சொல்வது இறுதிநிலைப் பங்களிப்பு. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்த இரண்டு எண்களும் நேரடியான விடை ஆகாது என்பதையும் கீழே காட்டுகிறேன், ஏனென்றால் பலரும் தடுமாறும் இடம் அதுதான்.

வருமானம் அதன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி ஆடுகிறது என்பதைச் சொல்வது திட்டவிலக்கம்; இரண்டு முதலீடுகள் எவ்வளவு சேர்ந்து ஆடுகின்றன என்பதைச் சொல்வது ஒட்டுறவுக் கெழு. கணக்குக்காக ஆண்டுத் திட்டவிலக்கம் நிஃப்டிக்கு 16%, ஸ்மால்கேப்புக்கு 25%, தங்கத்துக்கு 15% என்றும், நிஃப்டிக்கும் ஸ்மால்கேப்புக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.8 என்றும், தங்கத்துக்கும் மற்ற இரண்டுக்கும் இடையில் அது 0 என்றும் வைத்துக்கொள்கிறேன். இவை நான் எடுத்துக்கொண்ட முழு எண்கள். உங்கள் ஃபண்டுகளின் கடந்த ஐந்து ஆண்டு மாதாந்திர வருமானங்களிலிருந்து நீங்களே கணக்கிட்டு இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கோவேரியன்ஸ் என்பது இரண்டு திட்டவிலக்கங்களையும் ஒட்டுறவுக் கெழுவையும் பெருக்கிக் கிடைப்பது. சதவீத எண்களை அப்படியே பெருக்கினால் நிஃப்டி, ஸ்மால்கேப் இரண்டுக்கும் இடையே 16 × 25 × 0.8 = 320. வேரியன்ஸ் என்பது திட்டவிலக்கத்தின் வர்க்கம்: நிஃப்டியின் சொந்த வேரியன்ஸ் 256, ஸ்மால்கேப்புக்கு 625, தங்கத்துக்கு 225. இப்போது ஒவ்வொரு முதலீடும் முழுப் போர்ட்ஃபோலியோவோடு எவ்வளவு சேர்ந்து ஆடுகிறது என்று பார்க்க, இந்த எண்களை மூன்றுக்கு மூன்று அட்டவணையாக எழுதி, அதன் வரிசையில் உள்ள எண்களை மொத்தப் பணத்தில் ஒவ்வொன்றின் பங்காகிய எடைகள் 0.5, 0.2, 0.3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். நிஃப்டிக்கு 128 + 64 = 192; ஸ்மால்கேப்புக்கு 160 + 125 = 285; தங்கத்துக்கு 67.5 மட்டும். இவற்றை மறுபடியும் அந்தந்த எடையால் பெருக்கினால் 96, 57, 20.25 என்று வரும். கூட்டுத்தொகை 173.25, அதுதான் மொத்த வேரியன்ஸ். அதன் வர்க்கமூலம் 13.16%, உங்கள் போர்ட்ஃபோலியோவின் திட்டவிலக்கம்.

எக்செல்லில் கோவேரியன்ஸ் அட்டவணை B2:D4 இலும் எடைகள் F2:F4 இலும் இருந்தால் G2, H2, I2 ஆகிய கட்டங்களில் முறையே இவற்றை எழுதி, கடைசியதை I4 வரை இழுத்துவிட்டால் போதும்:

```
=MMULT(B2:D4,F2:F4)
=SUMPRODUCT(F2:F4,G2:G4)
=F2*G2/$H$2
```

ஆக, வேரியன்ஸில் நிஃப்டியின் பங்கு 55%, ஸ்மால்கேப்பின் பங்கு 33%, தங்கத்தின் பங்கு 12%. பணத்தில் 30% இருக்கும் தங்கம் ரிஸ்க்கில் 12% மட்டுமே எடுத்துக்கொள்கிறது. பணத்தில் 20% மட்டுமே இருக்கும் ஸ்மால்கேப் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. தங்கம் தனியாகப் பார்த்தால் நிஃப்டிக்கு நிகராக ஆடும் பொருள்தான். அதன் பங்கு குறைவதற்குக் காரணம் அது அமைதியாக இருப்பதல்ல, மற்றவற்றோடு சேர்ந்து ஆடாததுதான்.

192, 285, 67.5 ஆகியவற்றைத் திட்டவிலக்கமான 13.16 ஆல் வகுத்தால் இறுதிநிலைப் பங்களிப்புகள் கிடைக்கும்: நிஃப்டி 14.59, ஸ்மால்கேப் 21.65, தங்கம் 5.13. எங்கே கை வைப்பது என்று முடிவெடுக்கும்போது நான் பார்ப்பது இந்த எண்களைத்தான். ஸ்மால்கேப்பிலிருந்து 50,000 ரூபாயை எடுத்துத் தங்கத்துக்கு மாற்றினால், அதாவது எடையில் 5% நகர்த்தினால், 21.65க்கும் 5.13க்கும் உள்ள வித்தியாசத்தில் 5%, ஏறத்தாழ 0.83, திட்டவிலக்கத்தில் குறைய வேண்டும். முழுக் கணக்கையும் திரும்பப் போட்டால் குறைவது 0.77. இறுதிநிலை எண் சிறிய மாற்றத்துக்குத்தான் துல்லியமாகப் பொருந்தும். நகர்த்த நகர்த்த ஸ்மால்கேப்பின் எண் இறங்கி, தங்கத்தின் எண் ஏறிக்கொண்டே வரும். அதே 50,000 ரூபாயை நிஃப்டியிலிருந்து எடுத்திருந்தால் குறைவு 0.43 மட்டுமே. மொத்தத்தில் பெரிய பங்கு நிஃப்டியுடையது என்றாலும், ஒரு ரூபாயை நகர்த்திக் கிடைக்கும் பலன் ஸ்மால்கேப்பில்தான் அதிகம்.

ஸ்மால்கேப்பின் பங்கு 33% என்பதால் அதை முழுவதும் விற்றால் வேரியன்ஸ் 33% குறையும் என்று நினைக்கத் தோன்றும். விற்ற 2 லட்சத்தைச் சேமிப்புக் கணக்கில் வைத்ததாகக் கொண்டு கணக்கிட்டால் வேரியன்ஸ் 173.25 இலிருந்து 84.25 ஆக இறங்குகிறது, அதாவது 51% குறைவு, திட்டவிலக்கம் 9.18% ஆகிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, 173.25ஐப் பிரித்துப் பாருங்கள். நிஃப்டியின் சொந்த ஆட்டம் 64, ஸ்மால்கேப்பின் சொந்த ஆட்டம் 25, தங்கத்துடையது 20.25. மீதமுள்ள 64, நிஃப்டியும் ஸ்மால்கேப்பும் ஒரே திசையில் போவதால் மட்டுமே உண்டாவது. கூறுப் பங்களிப்பு இந்த 64ஐ ஆளுக்கு 32 என்று சரிபாதியாகப் பிரித்துத் தருகிறது. ஆனால் ஸ்மால்கேப்பை முழுவதும் எடுத்துவிட்டால் அதன் சொந்த 25உடன் இந்த 64ம் முழுதாகப் போய்விடுகிறது. நிஃப்டியை எடுத்தாலும் இதே 64 போய்விடும். அப்போது குறைவு 74%. எனவே சதவீதப் பங்கை மட்டும் பார்த்து நிறுத்தாமல், இருவருக்கும் பொதுவான பகுதி எவ்வளவு என்பதையும் தனியாக எழுதிப் பார்ப்பது அவசியம் என்பது என் உறுதியான கருத்து. உங்கள் விஷயத்தில் அது மொத்தத்தில் 37%, எந்த ஒரு முதலீட்டின் சொந்த ஆட்டத்துக்கும் குறைவில்லாத அளவு.

இனி, எடுத்துக்கொண்ட எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது. நிஃப்டி ஒரே மாதத்தில் சுமார் 23% விழுந்த மார்ச் 2020 போன்ற காலத்தில் நிஃப்டியும் ஸ்மால்கேப்பும் இன்னும் நெருங்கி ஆடும். 0.8 என்பதை 0.95 ஆக்கினால் திட்டவிலக்கம் 13.61% ஆகிறது, ஆனால் பங்கு விகிதங்கள் கிட்டத்தட்ட அசைவதில்லை. தங்கத்துக்கு வைத்த 0 என்ற எண்ணில்தான் கவனம் தேவை. அதை 0.3 ஆக்கினால் தங்கத்தின் பங்கு 12% இலிருந்து 18% ஆக உயர்ந்துவிடும். தினசரி விலைகளைப் பயன்படுத்தி, இரண்டு பட்டியல்களின் தேதிகளும் ஒரு நாள் தள்ளிப் பொருந்தியிருந்தாலும் ஒட்டுறவு பொய்யாக 0க்கு அருகில் வந்துவிடும். அதனால்தான் மாதக் கடைசி விலைகளை எடுக்கச் சொல்கிறேன். அதிலும் விலையை அல்ல, மாதத்துக்கு மாதம் ஏற்பட்ட சதவீத மாற்றத்தை.

ஒத்தக்கடைப் பக்கம் மனை ஒன்று இருக்கிறது, அதையும் இந்த அட்டவணையில் சேர்க்கலாமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. சேர்க்க வேண்டாம் என்றேன். வழிகாட்டி மதிப்பு எப்போதாவதுதான் மாறும் என்பதால், அதை விலையாகப் போட்டால் மனையின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 0 என்று வரும், அதன் ரிஸ்க் பங்கும் 0 என்று வரும். உண்மையில் அந்த மனையை அவசரத்துக்கு விற்கப் போனால் கிடைக்கும் விலை எவ்வளவு மாறும் என்பது இந்தக் கணக்குக்குத் தெரியாது. தெற்கு ஆவணி மூல வீதியில் வாங்கிய நகையைச் சேர்ப்பதானால், செய்கூலி, சேதாரத்தைக் கழித்து, தங்கத்தின் எடைக்குரிய மதிப்பை மட்டும் உங்கள் 3 லட்சத்தோடு கூட்டி எடையைத் திருத்திக்கொள்ளுங்கள்.