மாஸ்க் போட்ட இடத்தில் வாளிக்குப் பதில் இன்னொரு வாளி முளைப்பது ஏன்?

கேள்வி: திண்ணைப் படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு வாளி இருக்கிறது. மாற்ற வேண்டிய இடம் இது என்று அதன் மேல் மாஸ்க் தீட்டி, `remove the bucket` என்று பிராம்ப்ட் கொடுத்தால் வேறொரு வாளி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதே படத்தில் தூரத்தில் நிற்பவரின் முகத்தை மட்டும் சரிசெய்யப் பார்த்தால் முன்னைவிடக் கோரமாகிறது. படத்தில் மாஸ்க் போட்ட பகுதியை மட்டும் புதிதாக வரைந்து நிரப்பும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5 இன்பெயின்டிங் மாடல்தான் பயன்படுத்துகிறேன். எங்கே தவறு?

பதில்:

இந்த மாடலிடம் வேலை ஏவ முடியாது. படமும் அதற்குரிய விவரிப்பும் சோடி சோடியாகக் கொடுத்துப் பழக்கப்பட்டது இது. நீங்கள் எழுதும் எதையும் ‘முடிந்த படத்தில் இருப்பவை இவை’ என்றுதான் எடுத்துக்கொள்ளும். `remove` என்ற சொல்லுக்கு அந்தப் பழக்கத்தில் அநேகமாகப் பொருளே இல்லை. `bucket` என்பதற்கோ ஆயிரக்கணக்கான படங்கள் பின்புலத்தில் இருக்கின்றன. ஆக, வாளி வேண்டும் என்று நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். `no bucket` என்று எழுதினாலும் இதே கதைதான்; எதிர்மறையைப் புரிந்துகொள்வதில் இதன் உரைப்பகுதி மிகவும் பலவீனமானது.

உள்ளே நடப்பதைச் சற்றுப் பார்த்தால் மற்றவை எளிதாகப் புரியும். 512×512 பிக்சல் படத்தை மாடல் அப்படியே கையாள்வதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி, 64×64 கட்டங்களாக மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு எண்கள். இன்பெயின்டிங்குக்கென்றே பழக்கிய மாடலுக்கு ஒவ்வொரு படியிலும் மூன்று செய்திகள் சேர்த்துத் தரப்படுகின்றன: இரைச்சல் நிறைந்த, இன்னும் முடியாத படம்; மாஸ்க் போட்ட இடத்தை அழித்துவிட்ட மூலப்படம்; எது மாஸ்க், எது மாஸ்க் இல்லை என்ற குறிப்பு. அது இரைச்சலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, ஓட்டைக்குள் இருக்க வேண்டியதை ஊகிக்கிறது. அந்த ஊகத்தை இரண்டு சக்திகள் இழுக்கின்றன: ஒன்று ஓட்டையைச் சுற்றியுள்ள படம், மற்றொன்று உங்கள் சொற்கள். மாஸ்க்கின் அளவு இவற்றில் எது வெல்லும் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

காரணம் அதன் பயிற்சியிலேயே இருக்கிறது. பயிற்சியின்போது மாஸ்க்குகள் தானாக உருவாக்கப்பட்டன. நான்கில் ஒரு பங்கு நேரம் முழுப் படமும் மறைக்கப்பட்டது. கூடவே தரப்பட்ட வாசகம் மறைந்த பகுதிக்கு மட்டும் உரியதன்று, முழுப் படத்துக்கும் உரியது. எனவே சிறிய ஓட்டை வந்தால் ‘வாசகம் வேறெதையோ பேசுகிறது, பக்கத்தில் உள்ளதைத் தொடர்ந்து நிரப்பு’ என்று பழகியிருக்கிறது. பெரிய ஓட்டை வந்தால் வாசகத்தையே பிடித்துக்கொள்கிறது. வெறும் சுவரில் கட்டை விரல் அளவு மாஸ்க் போட்டு `a cat` என்று கேட்டால் பெரும்பாலும் சுவர்தான் வரும். பாதிப் படத்தை மறைத்துவிட்டுக் கேளுங்கள், பூனை வரும். கூடவே சுவரின் நிறமும் வெளிச்சமும் மாறிப் போயிருக்கும்.

இனி உங்கள் வாளிக்கு வருவோம். நான் என்றால், அது போன பிறகு அந்த இடத்தில் தெரிய வேண்டியதை மட்டும் எழுதுவேன்:

```
whitewashed wall, bare cement floor, veranda, soft daylight
```

எதிர்மறை பிராம்ப்ட் பெட்டியில் `bucket` என்று போடலாம். அங்கே அந்தச் சொல் உண்மையிலேயே வேலை செய்யும். மாடல் ஒவ்வொரு படியிலும் உங்கள் வாசகத்துடன் ஒருமுறையும் வெற்று வாசகத்துடன் ஒருமுறையும் ஊகித்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்குகிறது, வழக்கமாக 7.5 மடங்கு. எதிர்மறைச் சொல் அந்த வெற்று வாசகத்தின் இடத்தில் போய் உட்கார்வதால், படம் அதைவிட்டு விலகிச் செல்கிறது.

இத்தனை செய்தும் வாளி வருகிறதா? மாஸ்க்கின் ஓரத்தைத் திரையில் பெரிதாக்கி உற்றுப் பாருங்கள். வாளியின் நிழல் தரையில் இருக்கும். தரை வழவழப்பாக இருந்தால் சிவப்புச் சாயலும் விழுந்திருக்கும். அவை மாஸ்க்குக்கு வெளியே தங்கிவிட்டால், நிழலுக்கு உரிய பொருள் ஒன்று வேண்டுமே என்று மாடல் ஏதோவொன்றை வைத்துவிடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது, பார்த்ததற்கு ஏற்ற விடையைத்தான் தருகிறது. கைப்பிடி, நிழல், பிரதிபலிப்பு எல்லாவற்றையும் சேர்த்து, எல்லா பக்கமும் இருபது பிக்சலாவது தாராளமாகத் தீட்டுங்கள். சுருக்கத்தில் ஒரு கட்டம் எட்டு பிக்சல் என்பதால், விளிம்பை ஒட்டித் தீட்டிய மாஸ்க்கில் ஓரக் கட்டங்கள் பாதி வாளி, பாதி சுவர் என்று கலந்து நிற்கும்; அந்தச் சிவப்புக் கோடுதான் மறுபடி எட்டிப் பார்ப்பது.

உங்கள் செயலியில் `Masked content` என்ற தெரிவு இருந்தால் அதையும் கவனியுங்கள். `original` என்று விட்டு, பழைய படத்தை எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சொல்லும் `Denoising strength` மதிப்பை 0.4 போலக் குறைவாக வைத்தால், தொடக்கப் புள்ளியே பழைய வாளிதான். உருவம் கரைந்தாலும் சிவப்புத் திட்டு நிற்கும். பொருளை நீக்க, சுற்றியுள்ள நிறத்தால் நிரப்பித் தொடங்கும் `fill` வைத்து, அந்த மதிப்பை 0.9 அளவுக்கு ஏற்றுவது நல்லது.

குற்றவாளி சொல்லா, மாஸ்க்கா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: தொடக்க இரைச்சலைத் தீர்மானிக்கும் `Seed` எண்ணை மாற்றாமல் பிராம்ப்டைக் காலியாக விட்டு ஓட்டுங்கள். வாளி மறைந்தால் உங்கள் சொற்களில் கோளாறு. அப்போதும் வாளி போன்ற ஏதோ வந்தால், மாஸ்க்குக்கு வெளியே தடயம் மிச்சமிருக்கிறது.

முகத்தின் சிக்கல் வேறு வகை. 512 பிக்சல் படத்தில் அந்த முகம் 40 பிக்சல் அகலம் என்று வையுங்கள். எட்டால் வகுத்தால் ஐந்து கட்டங்கள். கண், மூக்கு, வாய் எல்லாவற்றையும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் எழுத வேண்டும். எந்தப் பிராம்ப்டும் இதைக் காப்பாற்றாது. இங்கேதான் மாஸ்க் பகுதியை மட்டும் வெட்டியெடுத்துப் பெரிதாக்கி வரையும் `Only masked` என்ற தெரிவு உதவுகிறது. மாஸ்க்கைச் சுற்றி 32 பிக்சல் ஓரம் விட்டால் வெட்டியெடுக்கும் சதுரம் 104 பிக்சல். அதை 512-க்குப் பெரிதாக்கினால் முகம் ஏறக்குறைய 200 பிக்சலாகிறது, அதாவது 25 கட்டங்கள். வரைந்து முடித்ததும் சுருக்கிப் பழைய இடத்தில் ஒட்டிவிடும்.

ஆனால் இப்போது மாடலின் கண்ணுக்குத் தெரிவது அந்தச் சதுரம் மட்டுமே. முழுப் படத்துக்கு எழுதிய `family standing in front of a house` என்ற வாசகம் அப்படியே கிடந்தால், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டிக் குடும்பத்தையே நிறுத்திவிடும். சதுரத்துக்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள்: `face of an elderly man, grey moustache, side light`. ஓரத்தை மிகவும் குறைத்தால் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது தெரியாமல், கழுத்தோடு நிறம் ஒட்டாத முகம் வரும். மிகவும் கூட்டினால் பெரிதாக்கிய பலன் போய்விடும். இங்கே `original` வைத்து, `Denoising strength` 0.4 முதல் 0.5 வரை முயலுங்கள், ஆளின் சாயல் ஓரளவு தங்கும். ஆனாலும் வருவது ஊகித்த முகம்தான்; குடும்ப ஆவணத்துக்கு இதைப் பயன்படுத்த நான் ஒப்பமாட்டேன்.

வாளியை நீக்குவது மட்டும்தான் தேவை என்றால், 2021-இல் வெளிவந்த லாமா என்ற மாடலையும் பாருங்கள். அதற்குப் பிராம்ப்ட் பெட்டியே கிடையாது. ஓடு, செங்கல், கம்பி என்று திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளை நன்றாகத் தொடர்ந்து போடும். பெரிய ஓட்டை என்றால் மங்கலாகிவிடும். நிழலையும் சேர்த்துத் தீட்டுவது அங்கேயும் அவசியம்.